பெயரை மறைத்தால் யார் பேசுவது என்று தெரிய வேண்டும்

அனிமேஷன் தொடர்களில் ஒரு பாத்திரத்துக்குத் 'தனிக் குரல்' கொடுக்கிறேன் என்று சொல்லி, வாய் திறக்கும்போதெல்லாம் ஒரே சொற்றொடரைச் சொல்ல வைக்கிறார்கள். மூன்றாவது முறையே குழந்தைகள் அதை முந்திச் சொல்லிவிடுகிறார்கள். அது பாத்திரத்தின் பழக்கம் அல்ல, எழுதியவருடைய சோம்பல். இன்னொரு சோம்பல் வட்டார வழக்கு. நான்கு பேருக்கும் ஒரே வசனத்தை எழுதிவிட்டு, ஒருவருக்கு மதுரை, ஒருவருக்குக் கோவை, ஒருவருக்கு நாகர்கோவில் என்று மேலே தூவுவார்கள். தூவியதைத் தட்டிவிட்டால் அடியில் நால்வரும் ஒரே ஆள்.

அதனால் நான் வேலை செய்யும் எழுத்துக் குழுவில் முதல் வரைவு முழுவதும் எழுத்துத் தமிழில்தான். வழக்கு, ஓசை எதுவும் கிடையாது. அந்த நிலையிலேயே ஆள் தெரிந்தால்தான் அவருக்குக் குரல் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன்.

நாங்கள் எழுதிக்கொண்டிருப்பது கம்பம் பள்ளத்தாக்கில் நடக்கும் கதை. விடியும் முன்பே கம்பம்மெட்டு வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள், அவர்களில் ஒரு பாட்டி, அவர்களை ஏற்றிச் செல்லும் ஜீப், மேலே காட்டில் ஒரு மலை அணில். ஜீப்பும் அணிலும் பேசும். (பாட்டி பேசுவதை அவை கேட்கும், அவை பேசுவதைப் பாட்டி கேட்க மாட்டார் என்ற விதியை வைக்கலாமா என்று இன்னும் சண்டை நடக்கிறது.) ஒரு காட்சியில் மண் சரிந்து பாதை அடைபட்டிருக்கிறது. வந்த வரைவு இது:

ஜீப்: "மேலே மண் சரிந்திருக்கிறது. நாம் திரும்பிப் போக வேண்டும்."
பாட்டி: "ஆமாம், மண் சரிந்திருக்கிறது. திரும்பினால் இன்றைய கூலி போய்விடும்."
அணில்: "நானும் பார்த்தேன். பாதை முழுவதும் மண்."

பெயர்களை இடம் மாற்றிப் போட்டாலும் எதுவும் குறையாது. செய்தி மட்டும்தான் கைமாறுகிறது. திருத்தி எழுதியது:

ஜீப்: "ஏற்றம். வளைவு. மண். பின்னால் பதினான்கு லோடு. முன்னால் பாதை இல்லை."
பாட்டி: "அந்தத் திருப்பத்திலே ராத்திரி மழை பிடித்து, மண் இளகி, மரத்தோடு வந்து பாதையிலே உட்கார்ந்து, ஸ்டோருக்குப் போன வண்டியும் திரும்பிவிட்டதாம், இன்றைக்குக் கூலி கிடையாதாம்."
அணில்: "மண்ணா? யார் மண்? எங்கே, எங்கே, எங்கே இருந்த மண்? என் மரம் எங்கே?"

தமிழில் ஒருவருடைய தாளம் பெரும்பாலும் வினை எங்கே முடிகிறது என்பதில் இருக்கிறது. ஜீப்புக்கு வினைமுற்றே கிட்டத்தட்ட இல்லை. பெயர்ச்சொற்களை ஒவ்வொன்றாக வைக்கிறது, கண்ணுக்கு முன் வருவதை மட்டும் சொல்கிறது, மனிதர்களை லோடு என்கிறது. பாட்டி பிடித்து, இளகி, வந்து, உட்கார்ந்து என்று எச்சத்தின் மேல் எச்சமாக அடுக்கிக்கொண்டே போய், கடைசியில்தான் முடிச்சுப் போடுகிறார். மலை அணிலின் கத்தல் காட்டில் சடசடவென்று வெடித்து வரும். அதனால் அதன் பேச்சும் சிறு சொற்களின் வெடிப்பு. எதைக் கேட்டாலும் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்கும்.

பாட்டியின் 'ஆம்' பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மழை வருமாம், விலை இறங்கிவிட்டதாம் என்று எல்லாமே அவருக்குக் கேள்விப்பட்டது. தன் காய்ச்சலைக்கூட "நேற்று எனக்கு உடம்பு சரியில்லையாம்" என்றுதான் சொல்வார். சிரிப்பு வருவதற்காக வைத்ததில்லை. கங்காணியின் விசாரணைகளுக்கு நடுவே காலம் தள்ளியவர் அவர். ஏலச் சரம் ஒடிந்தது யாரால், காய் குறைந்தது எப்படி என்று கேட்டால், எதற்கும் தான் சாட்சி இல்லை என்று நிற்பதே தப்பிக்கும் வழி. பழக்கத்துக்கு இப்படி ஒரு காரணம் இருந்தால் அதை உடைக்கவும் முடியும். கடைசி அத்தியாயத்தில் ஒரு சிறுமி மேல் திருட்டுப் பழி விழும்போது பாட்டி "நான் பார்த்தேன்" என்கிறார். இரண்டே சொல். முன்னால் எங்காவது கவனக்குறைவாக அவருக்கு "பார்த்தேன்" என்று எழுதியிருந்தால் இந்த இடம் செத்துவிடும். எனவே பாட்டியின் வசனங்களை மட்டும் தனியே உருவி எடுத்து, தன்மை வினைமுற்று எங்கே நுழைந்திருக்கிறது என்று தேடி நீக்குகிறோம்.

குமுளியில் டீக்கடை வைத்திருக்கும் சேட்டன் பாத்திரத்துக்குத்தான் அதிக வாக்குவாதம். "எந்தா" இரண்டு, "கேட்டோ" ஒன்று, மூக்கால் பேச்சு என்று வேலையை முடித்துவிடப் பார்த்தார்கள். எல்லையில் வாழ்கிற யாரும் அதை ஏற்க மாட்டோம். குமுளிக் கடைக்காரர் நம்மோடு நம்மைவிடத் தெளிவான தமிழ் பேசுவார். வேறுபாட்டை இலக்கணத்தில் தேடினேன். மலையாள வினையில் நான், நீ, அவன் காட்டும் விகுதி இல்லை. யார் வந்தாலும் 'வந்நு'தான். நமக்கு 'வந்தேன்' என்றாலே போதும், 'நான்' வேண்டியதில்லை. ஆகவே சேட்டன் 'நான்' விடாமல் பேசுவார் என்று வைத்தேன்: "நான் கடை திறந்தேன், நான் பால் வைத்தேன், நான் பார்த்தால் ஜீப் இல்லை." பிழை இல்லாத தமிழ், ஆனால் வேறு நடை. பாட்டி 'நான்' என்பதையே தவிர்க்கிறவர் என்பதால் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் காட்சி தானாக எழுகிறது.

இனி கணக்கு. அனிமேஷனில் குரலை முதலில் பதிவுசெய்து, அதைச் சட்டம் சட்டமாக, அதாவது ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துக் குறித்துக்கொண்டுதான் வாயசைவு வரைவார்கள். நடிகர்கள் பெரும்பாலும் தனித்தனியே வந்து பேசிவிட்டுப் போவார்கள். எதிரில் இருப்பவரைப் பார்த்துத் தாளம் பிடிக்க வழியில்லை, தாளம் தாளிலேயே இருந்தாக வேண்டும். பாட்டியின் அந்த மண்சரிவு வசனத்தில் மட்டும் 55 அசை. அவர் நிதானத்துக்கு நொடிக்கு ஐந்து என்றால் 11 நொடி, நொடிக்கு 24 சட்டம் வீதம் 264 சட்டம். ஒரு படத்தை இரண்டு சட்டத்துக்கு நிறுத்தி வரையும் முறையில்கூட 132 படம். இயக்குநர் முகம் சுளித்தது நியாயம்தான். அதற்காக வசனத்தை வெட்டினால் பாட்டி ஜீப்பாகிவிடுவார். வசனத்தின் நடுவில் கேட்பவர்களுடைய முகங்களுக்குப் போய்விட்டு, 'திரும்பிவிட்டதாம்' என்ற இடத்தில் பாட்டிக்குத் திரும்பினோம். வாயசைவு வேலை பாதிக்கு மேல் குறைந்தது.

அந்த 'ஆம்' வாயசைவுக்கும் உதவியது. வாய் அகலத் திறந்து இதழ் மூடும் அசைவு. பார்ப்பவருக்கு முகத்திலேயே பாட்டியின் முத்திரை தெரியும். ஆனால் பேச்சில் நாம் கடைசி 'ம்'மை மூக்கோடு விட்டுவிடுவோம், இதழ் சேராது. ஆகவே குரல் கொடுப்பவரிடம் வெற்றிலை வாயில் இருப்பதாக நினைத்து இதழை மூடச் சொல்ல வேண்டும். வசனத்தாளின் ஓரத்திலேயே அதை எழுதிவைத்திருக்கிறோம். அணிலுக்கு நேர்மாறான சிக்கல்: நொடிக்கு 12 படத்தில் அதன் வேகத்துக்கு ஒவ்வோர் அசைக்கும் வாய் வரைந்தால் வெறும் நடுக்கமாகத் தெரியும். எனவே 'ம', 'ப' வரும் இடங்களில் மட்டும் வாயைச் சரியாக மூடிவிட்டு, மீதியை வாலிடம் கொடுத்துவிட்டோம்.

நடிகர்களை அழைப்பதற்கு முன் எல்லா வேடத்தையும் ஒரே ஆள், நடிக்காமல், படித்துப் பதிவுசெய்த தற்காலிக ஒலியை ஸ்டோரிபோர்டுப் படங்களோடு ஓட்டிப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டதில் ஜீப், பாட்டி, அணில் மூவரும் பிரிந்து வந்துவிட்டார்கள். சேட்டனும் ஜீப் ஓட்டுநரும் இன்னும் இரண்டு இடத்தில் ஒட்டிக்கொள்கிறார்கள். அடுத்த வாரம் ஓட்டுநரைத்தான் பிரித்து எழுத வேண்டும்.