பே ஸ்லிப்பைத் திருத்தியவருக்கு வக்காலத்து வாங்குகிறவர்களுக்கு

பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்லி, அதற்கேற்ப பே ஸ்லிப்பைத் திருத்திக் கொடுத்த ஒருவர் மாட்டிக்கொண்டார், ரெண்டு நாளாக டைம்லைன் முழுக்க அந்த ஒரே விஷயம்தான். சேருவதற்கு முந்தைய வாரம் ஆஃபரை ரத்து செய்துவிட்டார்கள், ஐ.டி. கம்பெனிகளுக்கு ஈவு இரக்கம் இல்லை, எச்.ஆர். எல்லாம் மனிதர்களா என்று ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். சரி, இரக்கம் காட்டுங்கள், எனக்கும் இருக்கிறது. ஆனால் "சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது எல்லாரும் செய்வதுதானே" என்று அதன் கீழே எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கமெண்டை நம்பி இன்னும் எத்தனை பேர் மாட்டப் போகிறார்களோ.

நான் சம்பளக் கணக்குப் போடும் பேரோல் பிரிவில் இருப்பவள். வேலைக்கு எடுப்பவர்கள் அனுப்பும் காகிதங்கள் கடைசியில் என் மாதிரி ஆட்களின் மேஜைக்குத்தான் வரும். எவ்வளவு வேண்டும் என்று நீங்கள் கேட்பது உங்கள் உரிமை, ஒரு கோடி கூடக் கேளுங்கள். எவ்வளவு வாங்கினீர்கள் என்பதற்கு மட்டும் வேறு இடங்களில் பதிவு இருக்கிறது. அந்தப் பதிவுகள் எதுவும் உங்கள் கையில் இல்லை.

எண்களோடு சொல்கிறேன், அப்போதுதான் புரியும். ஒருவருக்கு மாதம் 48,000 என்று வைத்துக்கொள்வோம். பேசிக் 24,000, மீதி வீட்டு வாடகைப் படியும் மற்ற படிகளும். பேசிக்கில் 12 சதவீதம் பி.எஃப்., அதாவது 2,880 போக வங்கியில் விழுவது 45,120. இவர் 64,000 வாங்குவதாகச் சொல்லிவிட்டார். கேட்டதும் மூன்று மாத பே ஸ்லிப்பை எடிட் செய்கிறார். பேசிக் 32,000, பி.எஃப். 3,840, கைக்கு 60,160. கணக்கு அழகாக இருக்கிறது. அடுத்து வங்கி ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். அதிலும் 45,120-ஐ 60,160 ஆக்குகிறார். இப்போது அந்த வரிக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வரியின் இருப்பும் 15,040 கூட வேண்டும், அடுத்த மாதச் சம்பளத்துக்குப் பிறகு அது இரட்டிப்பாக வேண்டும், கடைசிப் பக்கத்தில் மொத்த வரவும் மாற வேண்டும். ராத்திரி உட்கார்ந்து எடிட் செய்கிறவர் எங்கேயாவது ஒரு வரியை விட்டுவிடுவார். எங்களுக்குப் பெரிய மென்பொருள் எல்லாம் வேண்டாம். எக்செல்லில் போட்டுக் கூட்டினால் போதும்.

சரி, அதையும் சரியாகச் செய்துவிட்டார் என்றே வையுங்கள். பி.எஃப். பாஸ்புக் கேட்பார்கள். அதில் ஊதியம் என்ற கட்டத்திலேயே 24,000 என்று அச்சாகியிருக்கும். பக்கத்தில் தொழிலாளர் பங்கு 2,880. முதலாளி பங்கில் பென்ஷனுக்கு 1,250 போக மீதி 1,630. பே ஸ்லிப் 3,840 என்கிறது, பாஸ்புக் 2,880 என்கிறது. யாரை நம்புவது என்று நான் உட்கார்ந்து யோசிக்க வேண்டுமா?

"எங்கள் கம்பெனியில் 15,000 ரூபாய்க்கு மட்டும்தான் பி.எஃப்., எல்லாருக்கும் 1,800தான்" என்று ஒருவர் வருவார். உண்மைதான், அந்த மாதிரி இடங்களில் பாஸ்புக் சம்பளத்தைச் சொல்லாது. அதனால்தான் வருஷச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டுகிற ஃபார்ம் 16 கேட்கிறோம். அது போன நிதியாண்டோடு நின்றுவிடும் என்பது ஒரு குறை. அதற்கு மேல் சந்தேகம் இருந்தால் பழைய கம்பெனிக்கே மெயில் போகும். சில கம்பெனிகள் சம்பளத்தைச் சொல்லாது, தேதியையும் பதவியையும் மட்டும் உறுதி செய்யும். ஆனால் நீங்கள் கொடுத்த பே ஸ்லிப்பை இணைத்து "இது உங்களுடையதா" என்று கேட்டால் இல்லை என்று ஒரு வரி எழுத அவர்களுக்கு என்ன கஷ்டம்?

ஒரு பே ஸ்லிப் ஞாபகம் வருகிறது. சென்னைக் கம்பெனி, சென்னை முகவரி, ஆனால் தொழில் வரி மாதா மாதம் 200 ரூபாய். இங்கே அது அரையாண்டுக்கு ஒரு தடவை பிடிப்பது. சில இடங்களில் அரையாண்டுத் தொகையான 1,250-ஐ ஆறாகப் பிரித்து மாதம் 208 பிடிப்பார்கள். 200 என்பது பெங்களூருக் கணக்கு. இணையத்தில் கிடைத்த டெம்ப்ளேட்டில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். அதை நான்தான் குறித்து அனுப்பினேன். அதற்கப்புறம் அவருடைய அப்பா ரிசப்ஷன் நம்பருக்குப் போன் செய்து, என்னிடம் இணைப்பு வாங்கி, "மேடம், பையன் அங்க பேப்பர் போட்டுட்டான்மா" என்றார். என்ன பதில் சொல்வது?

இங்கேதான் உங்கள் "எல்லாரும் செய்வதுதானே" கொல்கிறது. இப்போது வேலை செய்யும் கம்பெனிக்கு முன்கூட்டியே மெயில் போட முடியாது, விஷயம் வெளியே தெரிந்துவிடும். அதனால் முக்கியமான சரிபார்ப்பு நீங்கள் பேப்பர் போட்ட பிறகுதான் நடக்கும், பல சமயம் புதிய இடத்தில் சேர்ந்த பிறகு. அங்கே வேலை போய்விட்டது, இங்கே வேலை இல்லை என்கிற நிலையில்தான் மாட்டுவீர்கள். ஆஃபர் லெட்டரில் தகவல் பொய் என்று தெரிந்தால் நோட்டீஸ் இல்லாமல் நீக்கலாம் என்று ஒரு வரி இருக்கும், கையெழுத்தும் போட்டிருப்பீர்கள். சட்டப்படி பார்த்தால் இது போலி ஆவணம், போலீசுக்கும் போகலாம். பெரும்பாலும் போக மாட்டார்கள். அதுதான் இரக்கம்.

"அப்போ கம்பெனி மட்டும் பொய் சொல்வதில்லையா?" என்று கேட்பீர்கள். சொல்கிறது. சி.டி.சி. என்று ஒரு தொகையைக் காட்டி, அதற்குள் முதலாளியின் பி.எஃப்., கிராஜுவிட்டி, இன்சூரன்ஸ் பிரீமியம், வருமா வராதா என்றே தெரியாத வேரியபிள் எல்லாவற்றையும் திணிப்பது பொய் இல்லாமல் வேறென்ன? நீங்கள் சி.டி.சி.யைச் சொல்ல, அவர்கள் வங்கி வரவைப் பார்த்து முகம் சுளிக்கிற கூத்தும் நடக்கும். அதற்கு வழி இருக்கிறது. நிலையானது இவ்வளவு, வேரியபிள் இவ்வளவு, கைக்கு வருவது இவ்வளவு என்று மூன்றாகப் பிரித்து எழுதிக் கொடுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியைக் கையில் பணமாகத் தருகிற சின்னக் கம்பெனி என்றால் அதை முதல் பேச்சிலேயே சொல்லுங்கள். நம்பாமல் போகலாம், ஆனால் யாரும் உங்களைத் திருடன் என்று எழுதி வைக்க மாட்டார்கள்.

"நீ எச்.ஆர். கட்சி" என்பவர்களுக்கு மட்டும் ஒன்று. அம்பத்தூரில் ஒரு சின்ன ஆபீசில் இருந்துவிட்டுப் பெரிய இடத்துக்குப் போனவள் நான். என் பழைய பே ஸ்லிப்பைப் பார்த்து அதன் மேல் 30 சதவீதம் போட்டார்கள். அதே வேலை, பக்கத்து மேஜை, அவருடைய பழைய சம்பளம் அதிகம் என்பதால் அவருக்கு எனக்குக் கிடைத்ததைவிட ஒன்றரை மடங்கு. நான் எங்கே ஆரம்பித்தேன் என்பதற்காக வருஷக்கணக்காக அபராதம் கட்டியிருக்கிறேன். கலிஃபோர்னியாவில் 2018-லிருந்து வேலைக்கு வருபவரிடம் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது. இங்கே அப்படி ஒரு தடை கிடையாது. இங்கே ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். யாருக்கு ஜி-பே செய்தேன், எந்த ஆஸ்பத்திரியில் பில் கட்டினேன் என்பதெல்லாம் அவர்களுக்கு எதற்கு? சம்பளம் விழுந்த பதிவுகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கறுப்படித்துக் கொடுக்கிறேன் என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். இதைப் பற்றி ஒருத்தராவது எழுதினீர்களா? மாட்டீர்கள். எடிட் செய்தவருக்கு அழுவதுதான் உங்களுக்கு வசதி. அவர் அப்படிச் செய்வதால்தான் ஒழுங்காகக் காகிதம் கொடுப்பவர்களிடமும் பாஸ்புக்கைக் கொண்டுவா, அதைக் கொண்டுவா என்று இன்னும் நாலு ஆவணம் கேட்கிறார்கள். நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்பாக்ஸில் ஒருவர் கேட்டிருக்கிறார், ஏற்கனவே கூட்டிச் சொல்லிவிட்டேன், இன்னும் ஆவணம் அனுப்பவில்லை, என்ன செய்வது என்று. தம்பி, எதையும் எடிட் செய்யாதே. "நான் சொன்ன தொகையில் வேரியபிளும் வரப்போகும் இன்கிரிமென்ட்டும் சேர்ந்திருந்தது" என்பது உண்மையாக இருந்தால் அதை எழுது. இல்லையென்றால் தொகையைத் தவறாகச் சொல்லிவிட்டேன், சரியானது இது என்று இரண்டு வரி மெயில் இன்றைக்கே அனுப்பு. ஆஃபரைக் குறைப்பார்கள். வேண்டாம் என்றும் சொல்லலாம். சொன்னாலும் உன் பழைய சீட் இன்னும் உன்னிடம்தான் இருக்கும். பதில் வரும்வரை பேப்பர் போடாதே.