ரொக்கத் தள்ளுபடியா, குறைந்த வட்டியா? ஒரு ஜோடி போட்ட கார் கணக்கு

புது கார் வாங்கப் போகிறவர்களிடம் ஷோரூமில் அடிக்கடி வைக்கப்படும் கேள்வி இது. "சார், ரொக்கத் தள்ளுபடி வேணுமா, இல்ல கம்பெனி ஃபைனான்ஸ்ல கம்மி வட்டி வேணுமா? ரெண்டுல ஒண்ணுதான்." அந்த "ரெண்டுல ஒண்ணுதான்" என்பதைக் காதில் வாங்காமல், பெரும்பாலானோர் வட்டி விகிதத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு கற்பனை ஜோடியை வைத்து இதைப் பார்ப்போம். கல்யாணமாகி இரண்டு வருடம், இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். தொகையை எந்த நாட்டுக் காசாக வைத்துக்கொண்டாலும் கணக்கு மாறாது.

காரின் விலை 10 லட்சம். கையில் முன்பணம் 2 லட்சம். டீலர் சொன்னது இரண்டு வழி. முதல் வழி, ரொக்கத் தள்ளுபடி 60,000. அதை எடுத்தால் கடனை வெளியே வங்கியில் 9 சதவீதத்துக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். கடன் தொகை 7,40,000. இரண்டாவது வழி, தள்ளுபடி கிடையாது, கம்பெனி ஃபைனான்ஸ் 4 சதவீதம். கடன் தொகை முழு 8,00,000.

விற்பனையாளர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். வங்கிக் கடன் எடுத்தால் மொத்த வட்டி 1,81,671. கம்பெனிக் கடன் எடுத்தால் மொத்த வட்டி 50,291. "வட்டியிலேயே 1,31,380 மிச்சம் மேடம். வெறும் 60,000 தள்ளுபடிக்காக இதை விடுவீங்களா?"

கணவர் அசந்துவிட்டார். மனைவி தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்க, இதுல ரெண்டும் எத்தனை மாசம்னு போடவே இல்லையே" என்றார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. வங்கிக் கடனை 60 மாதத்துக்கும் கம்பெனிக் கடனை 36 மாதத்துக்கும் போட்டிருந்தார்கள். நீண்ட காலக் கடனில் வட்டி அதிகம் வரத்தான் செய்யும். அதை வட்டி விகிதத்தின் தலையில் கட்டிவிட்டார்கள். தாளில் இருந்த இரண்டு எண்ணும் சரியான எண்கள்தான். பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுதான் தப்பு.

இரண்டையும் 36 மாதத்துக்குப் போட்டால் என்ன ஆகும்? கம்பெனிக் கடன் 8 லட்சத்துக்கு மாதத் தவணை 23,619. மொத்தம் கட்டுவது 8,50,291. வங்கிக் கடன் 7,40,000-க்கு மாதத் தவணை 23,532. மொத்தம் 8,47,145. அதாவது 9 சதவீத வங்கிக் கடன்தான் 3,146 மலிவு! தாளில் 1,31,380 மிச்சம் என்று சொன்ன வழியில் உண்மையில் கொஞ்சம் கூடுதலாகவே போகிறது.

9 சதவீதம் எப்படி 4 சதவீதத்தைத் தோற்கடிக்கும் என்று கணவர் கேட்டார். இதற்கு விடை ஒன்றுதான், இந்தப் பதிவில் சொல்ல வருவதும் அதுதான். தள்ளுபடியை விட்டுக்கொடுத்தால், அந்த 60,000-ஐ முதல் நாளே வட்டியாகக் கட்டிவிட்டதாகத்தான் அர்த்தம். காரை 9,40,000-க்குத் தரத் தயாராக இருக்கிறார்கள் என்றால் அதன் உண்மையான விலை 9,40,000. முன்பணம் போக உங்களுக்குத் தேவைப்படுவது 7,40,000. அதற்கு மாதம் 23,619 என்று 36 மாதம் கட்டுகிறீர்கள். இந்தத் தவணைக்கு நிஜ வட்டி என்ன என்று பார்த்தால் சுமார் 9.25 சதவீதம் வருகிறது. விளம்பரத்தில் இருக்கும் 4 சதவீதம் 8 லட்சத்தின் மேல் போட்ட வட்டி. அந்த 8 லட்சத்திலேயே 60,000 ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது.

இதைப் போட்டுப் பார்க்கப் பெரிய கணித அறிவு வேண்டாம். போனில் இருக்கும் எக்செல் அல்லது கூகுள் ஷீட் போதும். முதல் வரி தவணையைத் தரும், இரண்டாவது வரி நிஜ வட்டியைத் தரும்:

```
=PMT(0.04/12, 36, -800000)
=RATE(36, -23619, 740000)*12
```

இரண்டாவது வரியில் 740000 என்ற எண் முக்கியம். அங்கே கடன் தொகையைப் போடாமல், தள்ளுபடி எடுத்திருந்தால் எவ்வளவு கடன் வாங்கியிருப்பீர்களோ அதைப் போட வேண்டும். வரும் விடையை உங்கள் வங்கி தரும் வட்டியோடு ஒப்பிடுங்கள். வங்கி வட்டி அதைவிடக் குறைவாக இருந்தால் தள்ளுபடி, கூடுதலாக இருந்தால் கம்பெனி ஃபைனான்ஸ். ஆனால் வங்கி வட்டி என்பது போர்டில் "இத்தனை சதவீதம் முதல்" என்று எழுதியிருக்கும் வட்டியாக இருக்கக் கூடாது. உங்கள் சம்பளத்துக்கும் கடன் வரலாற்றுக்கும் வங்கி எழுத்தில் தந்த வட்டியாக இருக்க வேண்டும். ஷோரூமுக்குப் போகும் முன்பே அதை வாங்கி வைத்திருந்தால்தான் இந்த ஒப்பீட்டுக்கே அர்த்தம்.

சரி, அப்படியானால் எப்போதும் தள்ளுபடிதான் நல்லதா? இல்லை. மனைவி அடுத்துக் கேட்டதுதான் சரியான கேள்வி: "இதே 4 சதவீதம் அஞ்சு வருஷத்துக்குக் கிடைக்குமா?" கொஞ்சம் இழுத்துவிட்டு, மேனேஜரிடம் பேசிவிட்டு வந்து, கிடைக்கும் என்றார்கள்.

60 மாதத்துக்குப் போட்டதும் கணக்கு தலைகீழானது. கம்பெனிக் கடனில் தவணை 14,733, வங்கிக் கடனில் 15,361. மொத்தத்தில் கம்பெனி ஃபைனான்ஸ் 37,678 மலிவு. நிஜ வட்டி சுமார் 7.2 சதவீதத்துக்கு இறங்குகிறது. காரணம் எளிது. விட்டுக்கொடுத்த 60,000 ஒரு தடவை போகும் பணம். வட்டி வித்தியாசத்தால் வரும் லாபமோ மாதாமாதம் சேர்வது. கடன் எவ்வளவு நாள் ஓடுகிறதோ அவ்வளவு லாபம். குறைந்த வட்டியைக் குறுகிய காலத்துக்கு மட்டும் என்று டீலர் சொன்னால் அங்கே கொஞ்சம் நிதானியுங்கள். தள்ளுபடியை விழுங்கும் அளவுக்கு அந்த லாபம் வளர நேரமே இருக்காது.

இதோடு முடிந்தது என்று கணவர் பேனாவை எடுத்தார். மனைவி விடவில்லை. "ரெண்டு வருஷத்துல நம்ம டெபாசிட் முதிர்வடையுது. அப்போ கடனை அடைச்சிடலாம்னுதானே பேசினோம்?"

ஐந்து வருடக் கடன் என்று காகிதத்தில் இருந்தாலும், இரண்டு வருடத்தில் அடைத்தால் அது இரண்டு வருடக் கடன்தான். 24 தவணை கட்டிய பிறகு கம்பெனிக் கடனில் பாக்கி அசல் 4,99,025. வங்கிக் கடனில் 4,83,060. அதுவரை கட்டிய தவணைகளையும் பாக்கியையும் கூட்டினால் கம்பெனி வழியில் 8,52,623, வங்கி வழியில் 8,51,729. கிட்டத்தட்ட சமம், தள்ளுபடி 894 முன்னே. ஆக, இந்த ஜோடியின் எண்களுக்கு எல்லைக்கோடு ஏறக்குறைய 24-ஆவது மாதம். அதற்கு முன் கடனை முடித்தாலோ காரை விற்றாலோ தள்ளுபடி ஜெயிக்கும். அதைத் தாண்டி ஓட்டினால் குறைந்த வட்டி ஜெயிக்கும். கார் விபத்தில் முழுசாகப் போனாலும் இதே கதைதான், ஏனென்றால் அந்த நேரத்தில் கம்பெனிக் கடனில் பாக்கி 16,000 போலக் கூடுதலாக நிற்கும்.

பிறகு ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். முன்கூட்டியே அடைத்தால் பாக்கி அசலில் 3 சதவீதக் கட்டணம். 4,99,025-க்கு அது 14,971. வங்கியில் அந்தக் கட்டணம் இல்லை. 894 என்று இருந்த வித்தியாசம் இப்போது 15,865 ஆகிவிட்டது. குறைந்த வட்டிக் கடன்களில் இப்படி ஒரு கட்டணம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வட்டியில் விட்டதை வேறு வழியில் பிடிக்கப் பார்ப்பார்கள். பிராசஸிங் கட்டணம், கட்டாயக் காப்பீடு என்று வேறு எது இருந்தாலும் அதையும் 60,000-உடன் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவும் முதல் நாளே கட்டும் வட்டிதான்.

இன்னொரு பொறியையும் சொல்லியாக வேண்டும். 4 சதவீதம் என்பது பிளாட் வட்டியா, பாக்கி குறையக் குறையப் போடும் வட்டியா? பிளாட் என்றால் 8 லட்சத்துக்கு 5 வருடத்துக்கும் முழு அசலின் மேலேயே வட்டி போடுவார்கள்: 1,60,000. தவணை 16,000. குறையும் பாக்கிக் கணக்கில் அது தள்ளுபடியைச் சேர்க்காமலேயே சுமார் 7.4 சதவீதம். கண்டுபிடிக்கும் வழி இதுதான்: தவணையை மாதங்களால் பெருக்கி அசலைக் கழியுங்கள். வருகிற வட்டி, அசல் பெருக்கல் விகிதம் பெருக்கல் வருடம் என்பதோடு அச்சாகப் பொருந்தினால் அது பிளாட். 14,733 என்று தவணை வந்ததால் இந்த ஜோடிக்கு அந்தத் தொல்லை இல்லை. 16,000 என்று வந்திருந்தால் வங்கியின் 15,361-க்கு முன்னால் அது நிற்கவே முடியாது, மேற்கொண்டு பேச்சும் தேவைப்பட்டிருக்காது.

முழுப் பணமும் கையில் இருப்பவர்களுக்குக் கேள்வி இன்னும் சுலபம். தள்ளுபடியை எடுத்து ரொக்கமாகக் கட்டுவதா, பணத்தை டெபாசிட்டில் போட்டுவிட்டு 4 சதவீதக் கடன் எடுப்பதா என்றால், வரி போக டெபாசிட் 7.2 சதவீதத்துக்கு மேல் தர வேண்டும். தராது என்றால் தள்ளுபடியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ஜோடி தள்ளுபடியை எடுத்தது. டெபாசிட் முதிர்வது உறுதி என்பதால் அது சரியான முடிவு என்பேன். "எப்படியும் சீக்கிரம் அடைச்சிடலாம்" என்று வெறும் வாயால் சொல்கிறவர்கள் ஐந்து வருடம் இழுக்கவே வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு 60 மாத 4 சதவீதத்தைத்தான் சொல்வேன்.

பில் வந்தபோது கார் விலை 10,00,000 என்று அப்படியே இருந்தது. 60,000-க்கு சீட் கவர், மேட், பாலிஷ் என்று ஒரு தனிச் சீட்டு இணைத்திருந்தார்கள். மனைவி பில்லைத் திருப்பிக் கொடுத்தார். சீட் கவருக்கு டீலர் போடும் விலை அவருடைய இஷ்டம், அதை 60,000 பணமாக எண்ணிப் போட்ட மேலே உள்ள கணக்கு எதுவும் பொருந்தாது. விலையிலேயே கழித்து 9,40,000 என்று அடித்த பில்லும், 7,40,000 என்று எழுதிய கடன் விண்ணப்பமும் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள்.