ஒரே ஸ்லைடில் நாலு சார்ட்டா?

காலாண்டு முடிவுகள் என்றாலே ஒரே ஸ்லைடில் நாலு சார்ட்டைத் திணித்துவிடுகிறார்கள். தலைப்போ வெறும் 'விற்பனை நிலவரம்'. இடப்பக்க அச்சில் ஒரு அளவு, வலப்பக்கத்தில் வேறொன்று. எந்தக் கோடு எதற்கு என்று தேடுவதற்குள் பேசுபவர் அடுத்ததற்குத் தாவிவிடுவார்.

இத்தனைக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வருவாய் ஏறியது விலையை உயர்த்தியதால், விற்ற எண்ணிக்கை அப்படியேதான் இருக்கிறது. அதையே தலைப்பாக எழுதி, போன வருஷம் இதே காலாண்டை 100 என்று வைத்து, வருவாய்க்கு ஒரு கோடு, எண்ணிக்கைக்கு ஒரு கோடு போட்டால் போதாதா? கோட்டின் முனையிலேயே பெயர் எழுதினால் வண்ண விளக்கப் பெட்டியும் தேவையில்லை. லாப விகிதமா? அது வேறு செய்தி, வேறு சார்ட்.

கேட்டால், 'ஸ்லைடு எண்ணிக்கை கூடிடுமே' என்கிறார்கள். கூடட்டுமே! ஸ்லைடுக்கு என்ன வாடகையா கொடுக்கிறோம்?