எந்த நிக்ஸ்?

புளூட்டோவின் நிலா ஒன்றுக்கு நிக்ஸ் என்று பெயர். பூமியின் பக்கமாக வந்து போகும் சிறுகோள் ஒன்றுக்கும் நிக்ஸ் என்றுதான் பெயர். போன வாரம் தமிழில் ஒரு குறிப்பு எழுதும்போது இரண்டும் ஒரே பத்தியில் வந்து மாட்டிக்கொண்டன. ரோமன் எழுத்தில் சிக்கலே இல்லை: நிலாவுக்கு நடுவில் ஐ, சிறுகோளுக்கு ஒய். தமிழில் அந்த வேறுபாட்டைக் காட்ட வழியில்லை.

இது கவனக்குறைவால் வந்த குழப்பம் இல்லை. 2005இல் ஹப்பிள் தொலைநோக்கி வழியாகப் புளூட்டோவுக்கு இரண்டு சிறிய நிலாக்கள் கிடைத்தன. புளூட்டோ பாதாளத்தின் கடவுள் என்பதால் அதன் நிலாக்களுக்கும் பாதாளக் கதைகளிலிருந்தே பெயர் எடுப்பது வழக்கம். பெரிய நிலாவான கேரன் இறந்தவர்களைப் படகில் ஏற்றிச் செல்பவன். அவனுடைய தாய் இரவின் தேவதையான நிக்ஸ். அழகான பொருத்தம்தான். ஆனால் 1980இல் கண்டுபிடிக்கப்பட்ட 3908ஆம் எண் சிறுகோள் அந்தப் பெயரை ஏற்கெனவே எடுத்துவிட்டது. அதனால் 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரே ஓர் எழுத்தை மாற்றி நிலாவுக்குப் பெயர் வைத்தது.

2013இல் மறுபடியும் அதே கதை. புதிதாகக் கிடைத்த இன்னும் இரண்டு நிலாக்களுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று கண்டுபிடித்த குழு பொதுமக்களைக் கேட்டது. சுமார் நாலரை லட்சம் வாக்குகளில் முதலிடம் பிடித்த பெயர் வல்கன். ஒன்றியம் ஏற்கவில்லை. புதனுக்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு கோள் இருக்கிறது என்று 19ஆம் நூற்றாண்டில் நம்பியபோதே அதற்கு வல்கன் என்று பெயர் வைத்தாயிற்று. பாதாளத்தோடும் அந்தப் பெயருக்கு நெருக்கமில்லை. இரண்டாம் இடம் பாதாள வாசலைக் காக்கும் நாயான செர்பெரஸுக்கு. அந்தப் பெயரில் 1865ஆம் எண் சிறுகோள் இருந்ததால் கிரேக்க வடிவத்துக்குப் போய் கெர்பெரோஸ் ஆக்கினார்கள். மூன்றாவதாக வந்த ஸ்டிக்ஸ் சிக்கலின்றித் தப்பியது.

இங்கேதான் எனக்கு ஒரு குறை. ஒவ்வொரு வகைக்கும் ஒரு கருப்பொருள் என்று பிரித்துக் கொடுத்தால் பெயர்கள் மோதாது என்பது ஏற்பாடு. புதனின் கிண்ணக்குழிகளுக்குக் கலைஞர்கள், எழுத்தாளர்கள், வெள்ளியில் பெண்கள். பெயரைக் கேட்டாலே எந்தக் கோள் என்று பாதி ஊகித்துவிடலாம். ஆனால் பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களுக்கும் புராணப் பெயர், புளூட்டோவின் நிலாக்களுக்கும் புராணப் பெயர் என்றால் இரண்டு வகையும் ஒரே பானையில்தான் கை விடுகின்றன. பாதாளத்தில் அப்படி எத்தனை பேர்தான் இருப்பார்கள்? மோதல் வந்ததும் எழுத்தை மாற்றிச் சமாளிக்கிறார்கள். கெர்பெரோஸ் தமிழில் தாக்குப்பிடிக்கிறது, ஏனென்றால் ஒலியே மாறிவிட்டது. நிக்ஸ் பிழைக்கவில்லை. பழைய ஆட்களும் அப்படித்தான்: வியாழனின் காலிஸ்டோவும் 204ஆம் எண் சிறுகோளும் ரோமன் எழுத்தில் முதலெழுத்தால் மட்டும் வேறு, தமிழில் இரண்டும் காலிஸ்டோ.

ஒலியை நம்பிச் செய்த ஏற்பாடு எவ்வளவு நன்றாக மொழி தாண்டி வருகிறது என்பதற்கும் வியாழனே சாட்சி. அதன் வெளிவட்டத்துச் சிறு நிலாக்களில், கோள் சுழலும் திசையிலேயே சுற்றுபவற்றுக்கு ஆ என முடியும் பெயர்: ஹிமாலியா, எலாரா, லீடா. எதிர்த்திசையில் சுற்றுபவற்றுக்கு ஏ: கார்மே, அனங்கே, சினோப்பே. தமிழில் எழுதினாலும் கடைசி எழுத்தைப் பார்த்துத் திசையைச் சொல்லிவிடலாம். (சாய்வு அதிகமான கார்ப்போ போன்ற சிலவற்றுக்கு ஓ. அது தனிக் கணக்கு.)

கிண்ணக்குழிகளில் இந்தத் தொல்லை குறைவு. கோப்பர்னிகஸ் நம் நிலவிலும் உண்டு, செவ்வாயிலும் உண்டு. எந்த இடம் என்று சொல்லாமல் யாரும் கிண்ணக்குழியைப் பற்றி எழுதுவதில்லை. சிறுகோளுக்கு அப்படிச் சொல்ல ஓர் ஊர் கிடையாது. அதற்குப் பதில்தான் அந்த எண். வானியலாளர்கள் பெயருக்கு முன்னால் எண்ணைப் போடுவதும் அதற்காகத்தான். நாம் தமிழில் எழுதும்போது, ஏதோ அலங்காரம் என்பதுபோல அதைத்தான் முதலில் வெட்டுகிறோம். நானும் வெட்டியவன்தான்.

சரி, என் பத்தியை இப்படி மாற்றினேன்: "3908 நிக்ஸ் சுமார் ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள சிறுகோள்; புளூட்டோவின் நிலா நிக்ஸ் சுமார் 50 கிலோமீட்டர் நீளம்." படிக்கக் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் இனி யாரும் புளூட்டோவின் நிலா பூமிப் பக்கம் வருகிறதா என்று கேட்கமாட்டார்கள்.