நூறில வயசைக் கழிச்சா மட்டும் காணாது

கொஞ்ச நாளா எங்கட பெடியள் நிறையப் பேர் ஒரு கணக்கைப் பகிர்ந்துகொண்டு திரியினம். நூறில உன்ர வயசைக் கழி, வாற இலக்கம்தான் ஷெயாரில போடவேண்டிய வீதம், மிச்சத்தை பாங்கில எஃப்டியில போடு, அவ்வளவுதான். 30 வயசெண்டா 70 வீதம் ஷெயார், 60 வயசெண்டா 40 வீதம். சிலர் இப்ப ஆக்கள் கனகாலம் உயிரோட இருக்கினம் எண்டு நூறுக்குப் பதிலா 110, 120 எண்டும் போடினம். கிளிநொச்சியில இருந்து ஒரு தம்பி "அண்ணை இது எங்களுக்குச் சரிவருமோ" எண்டு உள்பெட்டியில கேட்டவன், அவனுக்கு எழுதத் தொடங்கி நீண்டுபோச்சு, அதுதான் இங்கயே போடுறன்.

முதல்ல ஒண்டு. இந்தக் கணக்கு உங்கட முழுக்காசுக்கும் இல்லை. அஞ்சு ஆறு வருசத்துக்குத் தொடத் தேவையில்லாத காசுக்கு மட்டும்தான். அடுத்த காலபோகத்துக்கு விதைநெல்லுக்கும் பசளைக்கும் வச்சிருக்கிற காசு, பிள்ளையை கம்பஸ் அனுப்ப வச்சிருக்கிறது, ஆறு மாசச் சாப்பாட்டுச் செலவு, இதெல்லாம் கணக்குக்கு வெளியில. நகை அடகில கிடக்கேக்க, லீசிங்கில மோட்டச்சைக்கிள் ஓடேக்க, ஷெயாரில எத்தினை வீதம் எண்டு கதைக்கிறதே வேலையில்லாத வேலை. லீசிங்காரன் எடுக்கிற வட்டியை ஷெயார் மார்க்கெட் வருசாவருசம் தரும் எண்டு ஒருத்தராலயும் சொல்லேலாது, அந்தக் கடனைக் கட்டினா அந்த வட்டி மிஞ்சுறது நிச்சயம்.

சரி, இனி கணக்குக்கு வருவம். எல்லாரும் அந்த 70க்கு 30 எண்ட பிரிப்பைத்தான் பெரிசாக் கதைக்கினம். உண்மையான வேலை அதுக்குப் பிறகு வருசத்துக்கு ஒருக்கா காசை மாத்தி அந்தப் பிரிப்புக்குத் திரும்பச் சமப்படுத்துறதிலதான் இருக்கு, அதைப்பற்றி அந்தப் பதிவுகளில ஒரு வரியும் இல்லை.

சித்தப்பாட மகன் ஒருத்தன் ரீச்சர், வயசு 35, கையில பத்து லட்சம் ஒதுக்கின காசு எண்டு வைப்பம். கணக்குப்படி ஆறரை லட்சம் ஷெயாரில, மூண்டரை லட்சம் எஃப்டியில. முதல் வருசம் மார்க்கெட் 40 வீதம் விழுது. ஆறரை லட்சம் மூண்டு லட்சத்து தொண்ணூறாயிரமாப் போகுது. எஃப்டிக்கு 10 வீத வட்டி எண்டா அது மூண்டு லட்சத்து எண்பத்தையாயிரம். மொத்தம் ஏழே முக்கால் லட்சம். இப்ப அவனுக்கு வயசு 36, அப்ப 64 வீதம் ஷெயாரில இருக்கவேணும், ஏழே முக்காலில 64 வீதம் எண்டா நாலு லட்சத்து தொண்ணூற்றாறாயிரம். அப்பிடியெண்டா எஃப்டியில இருந்து ஒரு லட்சத்து ஆறாயிரத்தை எடுத்து விழுந்துகிடக்கிற ஷெயாரை வாங்கவேணும். வீட்டில மனிசி கத்தும், அப்பா "நான் அப்பவே சொன்னனான்" எண்டுவார், ஆனா கணக்கு அதைத்தான் செய்யச் சொல்லுது.

அடுத்த வருசம் மார்க்கெட் 60 வீதம் ஏறுது எண்டு வைப்பம். அந்த நாலு லட்சத்து தொண்ணூற்றாறாயிரம் ஏழு லட்சத்து தொண்ணூற்றுமூவாயிரத்துச் சொச்சம். எஃப்டியில மிஞ்சின ரெண்டு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம் மூண்டு லட்சத்து ஏழாயிரத்துக்கு வரும். மொத்தம் பதினொரு லட்சம். ஒண்டையும் தொடாம விட்டிருந்தா எவ்வளவு எண்டு பாருங்கோ. ஷெயார் ஆறு லட்சத்து இருபத்துநாலாயிரம், எஃப்டி நாலு லட்சத்து இருபத்துமூவாயிரத்துச் சொச்சம், மொத்தம் பத்து லட்சத்து நாற்பத்தேழாயிரம். அம்பதாயிரத்துக்கு மேல வித்தியாசம், இத்தனைக்கும் 40 விழுந்து 60 ஏறினா மார்க்கெட் இன்னும் பழைய இடத்துக்கு வரேல்லை, நூறு ரூபா 96 ரூபாயிலதான் நிக்குது. இப்ப வயசு 37, 63 வீதம்தான் ஷெயார், ஆகவே ஏறினதில ஒரு லட்சத்தை வித்து எஃப்டிக்குத் திருப்பவேணும். ஊரே "இன்னும் ஏறும், விக்காத" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிற நேரம் விக்கவேண்டிவரும், அதுவும் வாங்கினதைப்போலதான் கஷ்டம்.

இதைக் கண்டபடி செய்யாதேங்கோ. கொழும்புப் பங்குச்சந்தையில சாதாரண ஆக்கள் வாங்கினாலும் வித்தாலும் ஒவ்வொருக்காவும் 1.12 வீதம் கட்டணம் போகும், லட்சத்துக்கு ஆயிரத்து நூற்றிருபது ரூபா. எஃப்டியை இடையில முறிச்சா வட்டி குறையும். அதால எஃப்டியை ஒரே துண்டாப் போடாம மூண்டு மாசம், ஆறு மாசம், ஒரு வருசம் எண்டு பிரிச்சுப்போட்டா, ஏதாவது ஒண்டு முதிர்ற நேரம் பார்த்து மாத்தலாம். அஞ்சு வீதத்துக்குள்ள விலகி நிண்டா நான் தொடவேமாட்டன், புதுசாச் சேர்ற காசைக் குறைஞ்ச பக்கம் போட்டாலே கிட்டத்தட்ட சரிவரும்.

இது வெறும் கடதாசிக் கணக்கெண்டு நினைக்கிற ஆக்கள் 2022ஐ யோசிச்சுப் பாருங்கோ. வருசம் தொடங்கேக்க கொழும்புச் சந்தையில மொத்தமா விலை எப்பிடிப் போகுது எண்டு காட்டுற சுட்டி 12,200 அளவில, முடியேக்க 8,500க்குக் கிட்ட. ஏப்ரலில அஞ்சு நாள் சந்தையையே பூட்டி வச்சவை. அந்த வருசக் கடைசியில சில இடங்களில எஃப்டிக்கு 20 வீதத்துக்கும் மேல குடுத்தாங்கள், எல்லாரும் இருந்த ஷெயாரையும் வித்துப்போட்டு எஃப்டிக்கு ஓடினவை, ஓடினதைப் பிழையெண்டு நான் சொல்லமாட்டன், அந்த நேரம் நாடு என்னவாகும் எண்டே ஆருக்கும் தெரியாது. ஆனா கணக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன் அந்த 8,500இல கொஞ்சம் வாங்கியிருப்பான், 2024 முடியேக்க சுட்டி 15,900க்கு வந்திட்டுது.

மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். அதே 2022 செப்டெம்பரில கொழும்பு விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்ட வந்தது. அதுக்கு முந்தின வருசம் ஆயிரம் ரூபாய்க்கு வாங்கின சாமான் கிட்டத்தட்ட ஆயிரத்து எழுநூறு. அதுக்கு முதல் 10 வீதத்துக்குக் கீழ எஃப்டி போட்டுவச்சிருந்த பென்சன்காரருக்குப் புத்தகத்தில ஒரு சதமும் குறையேல்லை, கடையிலதான் குறைஞ்சது. எங்கட ஆக்கள் "பாங்கில கிடந்தா பயமில்லை" எண்டு சொல்லேக்க இந்த நட்டத்தை நட்டமாவே எண்ணுறேல்லை. 70 வயசிலயும் கணக்கு 30 வீதத்தை ஷெயாரில விடச் சொல்லுறது இதுக்குத்தான்.

இனி அந்தத் தம்பியின்ர கேள்விக்கு வாறன், எங்களுக்குச் சரிவருமோ எண்டது. இந்தக் கணக்கு அமெரிக்காவில மாசச் சம்பளக்காரரை நினைச்சுப் போட்ட கணக்கு. வயசு கூடக்கூட உழைக்கிற வருசங்கள் குறையும், விழுந்தா எழும்ப நேரமில்லை, ஆகவே ஷெயாரைக் குறை எண்டதுதான் அதின்ர அடிப்படை. அப்பிடியெண்டா உழைப்பு எப்பிடிப்பட்டது எண்டதும் கேள்விக்குள்ள வரவேணும்தானே?

35 வயசு ரீச்சரையும் இரணைமடுக்குக் கீழ மூண்டு ஏக்கர் செய்யிற 35 வயசுக்காரனையும் பக்கத்தில வச்சுப் பாருங்கோ. கணக்கு ரெண்டு பேருக்கும் 65 எண்டு சொல்லுது. ரீச்சருக்கு மாசம் முடிய சம்பளம் வரும், பிறகு பென்சன் வரும், அந்தப் பென்சன் எண்டது அவருக்கு அரசாங்கம் போட்டுவச்ச பெரிய எஃப்டிதான், அதைச் சேர்த்துப் பார்த்தா கையில இருக்கிற காசில 65 வீதம் ஷெயாரில இருக்கிறது அப்பிடியொண்டும் துணிச்சலான வேலையில்லை. கமக்காரன்ர கதை வேற. 2021இல இரசாயனப் பசளையை நிப்பாட்டினாங்கள், அந்தக் காலபோகத்து விளைச்சல் விழுந்தது, கையில காசில்லாம அவன் நிண்ட அதே மாசங்களிலதான் 2022இல சந்தையும் விழுந்தது. அதாவது அவன் ஷெயாரை விக்கவேண்டிவந்த நேரமும் ஷெயார் அடிமாட்டு விலைக்குப் போன நேரமும் ஒண்டு. ரெண்டுக்கும் பின்னால நாட்டில டொலர் இல்லாத பிரச்சினையும் இருந்தது. சமப்படுத்துறதைப்பற்றி நான் மேல எழுதினது ஒண்டும் அவனால செய்ய ஏலாது, ஏனெண்டா எஃப்டியை அவன் ஏற்கெனவே சாப்பிட்டிருப்பான்.

அதால என்ர அபிப்பிராயம், கமம், கடற்றொழில், நாட்கூலி செய்யிற ஆக்கள் தங்கட வயசோட 25ஐக் கூட்டிப்போட்டு நூறில கழியுங்கோ. 35 வயசுக்காரன் 60 எண்டு எடுத்தா 40 வீதம் ஷெயார். இந்த 25 எந்தப் புத்தகத்திலயும் இல்லை, நான் போட்டது, ஒரு போகம் முழுசா அழிஞ்சாலும் ஷெயாரைத் தொடாம ஒரு வருசம் தள்ளேலுமோ எண்டு பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். பென்சன் உள்ளவை கூட்டத் தேவையில்லை.

ஷெயார் எண்டு அந்தக் கணக்கு சொல்லுறது ஒரு கம்பனியை இல்லை எண்டதையும் சொல்லிவிடுறன். ஆரோ கொழும்பில இருந்து போன் அடிச்சு "இது ரெட்டிப்பாகும்" எண்ட ஒரே ஷெயாரில 65 வீதத்தையும் கொண்டுபோய்ப் போட்டா, சுட்டி எழும்பினாலும் அது எழும்பாமலே கிடக்கலாம், அப்ப விழேக்க வாங்கு எண்ட கணக்கே ஆளைக் குழிக்குள்ள தள்ளும். பலதுறைக் கம்பனியள் பத்துப் பதினைஞ்சில பிரிச்சுப் போடுங்கோ, இல்லாட்டி பல பேரின்ர காசைச் சேர்த்துப் பங்குகளில போடுற யுனிட் ட்ரஸ்டில போடுங்கோ. எஃப்டிப் பக்கமும் அப்பிடித்தான், மத்திய வங்கியின்ர வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில 11 லட்சம் வரைக்கும்தான், அதுக்கு மேல இருந்தா வேற பாங்கில போடுங்கோ. கூட வட்டிக்கு ஆசைப்பட்டு லைசன்ஸ் இல்லாத இடத்தில குடுத்தா அது எஃப்டியே இல்லை.

கடைசியா ஒரு ஆள். எங்கட மாமி ஒராள், 68 வயசு, பென்சன் இல்லை, வெளியில இருக்கிற பிள்ளையள் அனுப்பினதைச் சேர்த்து முப்பது லட்சம். கணக்கு 32 வீதம் எண்டுது, ஒன்பதரை லட்சத்துக்குக் கிட்ட. பேரன் போட்டு விடுறன் எண்டு நிக்கிறான். நான் கேட்டது ஒண்டுதான், மாமிக்கு மாசம் எவ்வளவு போகுது எண்டு. மருந்தோட சேர்த்து முப்பதாயிரம் எண்டா வருசத்துக்கு மூண்டு லட்சத்து அறுபது, அஞ்சு வருசத்துக்குப் பதினெட்டு லட்சம். அந்தப் பதினெட்டையும் கணக்குக்கு வெளியில எஃப்டியில வை. மிச்சம் பன்னிரண்டு லட்சத்துக்குத்தான் இந்த 32 வீதம், அது நாலு லட்சத்துக்கும் குறைவு. அதையும் ஒரே நாளில போடாம, மாசம் மாசம் கொஞ்சமா ஒரு வருசத்துக்குள்ள போடு எண்டு சொல்லியிருக்கிறன். பேரனுக்கு அவ்வளவா விருப்பமில்லை, மாமி சரியெண்டிட்டா.