இறக்கை இல்லை, எஞ்சினே திரும்புகிறது

"ராக்கெட் வால் இறக்கையை ஆட்டித்தான் வளையுது, காசிமேட்டு மாடியிலிருந்து நானே பார்த்தேன்" என்கிறீங்க.

வளைவு நிஜம், காரணம் தப்பு. காற்றில்லாத உயரத்தில் இறக்கை எதைத் தள்ளும்? பிஎஸ்எல்வி இரண்டாம் கட்டத்தில் விகாஸ் எஞ்சினையே சில டிகிரி சாய்க்கிறார்கள். உந்துவிசை எடைமையத்தை விட்டு விலகுவதால் வால் ஒரு பக்கம் ஒதுங்க, மூக்கு மறுபக்கம் திரும்புகிறது.

படகு அவுட்போர்டு மோட்டார் மாதிரின்னு ஒரு அண்ணன் சொன்னது பாதி சரி. படகு திரும்புவதைத் தண்ணீரே பிடித்து நிறுத்தும், இங்கே எஞ்சினை எதிர்ப்பக்கம் சாய்த்துத்தான் நிறுத்தணும், இல்லாவிட்டால் சுழன்றுகொண்டே போகும். அதைச் சுழற்சியை அளக்கும் கைரோ கருவியின் அளவை வைத்துக் கணினி ஓயாமல் செய்கிறது. அப்புறம், ராக்கெட் தன் நீள அச்சைச் சுற்றி உருளுவதை ஒற்றை எஞ்சினைச் சாய்த்துத் தடுக்க முடியாது, அதற்குத் தனி உந்திகள்.

ஆனால் நீங்க மாடியிலிருந்து பார்த்தது பெரும்பாலும் முதல் கட்டம். அதில் எஞ்சின் சாயாது, தீப்பிழம்பு வெளியேறும் கூம்பான நாசிலுக்குள் பக்கவாட்டில் திரவம் பீய்ச்சி அதைத் திருப்புவார்கள்.