நாலரை வட்டி என்று சொல்லிக் கொடுத்த தண்டல்

தண்டல்காரர் பொய் சொன்னார் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. எனக்கு எரிச்சலே அதில்தான். கடன் 10,000 ரூபாய். முன்கூட்டியே 1,500 பிடித்துக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஒளிவுமறைவே இல்லை. செல்லூரில் பலசரக்குக் கடை நடத்தும் அக்கா, "வட்டி எவ்வளவு?" என்று கேட்டபோது, "நூறு நாளைக்கு நூற்றுக்குப் பதினைந்து. மாதக் கணக்கில் நாலரை வட்டிதானம்மா" என்றார். சரக்கு எடுக்கும் அவசரத்தில் அக்காவும் வாங்கிக்கொண்டார்.

சில வாரம் கழித்துத்தான் அவருக்கு உறுத்தியது. தினமும் மாலையில் நூறு ரூபாய் திரும்பிப் போகிறது. ஐம்பதாம் நாளில் ஐயாயிரம் போய்விடும். அப்படியிருக்க, பத்தாயிரமும் நூறு நாளும் தன்னிடமே இருந்ததுபோல் வட்டி பிடித்தது என்ன நியாயம்? அதிலும் கைக்கு வராத 1,500க்கும் சேர்த்தல்லவா வட்டி!

பற்று எழுதும் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினார். கையில் வாங்கிய 8,500இல் தொடங்கி, அன்றன்றைய பாக்கிக்கு ஒருநாள் வட்டியைக் கூட்டி, கட்டிய நூறைக் கழித்துக்கொண்டே வந்தார். முதலில் ஐந்து வட்டி போட்டுப் பார்த்தார். 92ஆம் நாளிலேயே கடன் தீர்ந்துவிட்டது. ஆனால் தண்டல்காரர் அதற்குப் பிறகும் எட்டு நாள் வருவாரே! அடுத்து பத்து வட்டி, அதாவது நாளொன்றுக்கு நூற்றுக்கு 33 பைசா. முதல் நாள் கட்டிய நூறில் 28 ரூபாய் வட்டிக்கே போனது. நூறாவது நாள் முடிவில் 11 ரூபாய்தான் பாக்கி நின்றது. ஆக உண்மையான வட்டி பத்துக்கு ஒரு மயிரிழை குறைவு. வருடத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 121 ரூபாய்! வசூலான நூறுகளை அவர் அன்றன்றே வேறு கடைகளுக்குக் கொடுத்துச் சம்பாதிப்பது இதில் சேராது.

2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. ஆனால் கடைத்தெருவில் புகார் கொடுத்தால் அடுத்த அவசரத்துக்கு யார் கொடுப்பார்கள் என்ற பயம் சட்டத்தைவிடப் பெரியது.

ஐம்பதாம் நாளில் சீட்டுப் பணம் வந்ததும், "மீதியை மொத்தமாகக் கட்டிவிடுகிறேன், பிடித்த வட்டியில் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டார். "வட்டி பிடித்தது பிடித்ததுதான், ஐயாயிரம் கொடுங்கள்" என்றார் தண்டல்காரர். அக்கா மறுபடி நோட்டை எடுத்தார். ஐம்பது நாளிலேயே முழுதும் தீர்த்தால் அதே 1,500 ரூபாய் பதின்மூன்று வட்டி ஆகிவிடுகிறது. சீக்கிரம் கட்டுகிறவருக்குத்தான் தண்டனை. சீட்டுப் பணத்தைச் சரக்கில் போட்டுவிட்டு, மறுநாள் மாலை வழக்கம்போல் நூறு ரூபாயை மட்டும் எடுத்து நீட்டினார்.